கறள் பிடித்த படிக்கட்டும் ‘கொஸ்ட் பிளஸ்’ கணக்கும்: எந்தச் செலவை ஏற்பது, கட்டணத்தை எப்படித் தீர்மானிப்பது

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், மாடிக்கு ஏறுவதற்கு வீட்டின் பின்புறத்தில் இரும்புப் படிக்கட்டு வைத்திருப்பவர்கள் பலர். உப்புக்காற்று இரும்பை உள்ளிருந்து தின்பதால், வெளியே பெயின்ட் ஓரளவு நன்றாகத் தெரிந்தாலும் அடியில் இரும்பு தாள் தாளாக உரிந்து கிடக்கும். அப்படியொரு படிக்கட்டைத் திருத்தித் தருமாறு கேட்டால், அனுபவமுள்ள பட்டறைக்காரர் உடனே விலை சொல்ல மாட்டார். “பெயின்டைச் சுரண்டிப் பார்க்காமல் விலை சொல்ல ஏலாது அண்ணே” என்பார். அவர் சொல்வது உண்மைதான். எத்தனை படித் தகடுகளை மாற்ற வேண்டும், இரு பக்கமும் படிகளைத் தாங்கும் சனல்கள் எவ்வளவு தூரம் அரிக்கப்பட்டிருக்கின்றன என்பதெல்லாம் வேலையைத் தொடங்கிய பின்னரே தெரியவரும்.

இந்த நிலையில் முழு வேலைக்கும் ஒரே விலை கேட்டு வற்புறுத்தினால் இரண்டில் ஒன்று நடக்கும். பட்டறைக்காரர் மோசமான நிலையை மனத்தில் வைத்து விலையை உயர்த்திச் சொல்வார். இரும்பு எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தால் அந்த மிச்சம் வீட்டுக்காரருக்குத் திரும்பி வராது. அல்லது வேலையைப் பிடிப்பதற்காகக் குறைத்துச் சொல்லிவிட்டு, பாதி வேலையில் நிறுத்தி மேலதிகப் பணம் கேட்பார். இந்த இரண்டையும் தவிர்ப்பதற்கான ஒப்பந்த முறைதான் ‘கொஸ்ட் பிளஸ்’. வேலைக்கு உண்மையில் ஆன செலவை வீட்டுக்காரர் பற்றுச்சீட்டுகளின்படி கொடுத்துவிடுவார். அதற்கு மேல், முன்கூட்டியே பேசித் தீர்த்த ஒரு கட்டணம் பட்டறைக்காரருக்குச் சேரும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் ‘உண்மையில் ஆன செலவு’ என்பதற்குள் எதெல்லாம் அடங்கும், கட்டணம் எதன்மீது கணக்கிடப்படும் என்ற இரண்டையும் எழுதி வைக்காவிட்டால், வேலை முடியும்போது வாக்குவாதம் நிச்சயம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. விலை நிச்சயமில்லை என்பதற்காக மட்டும் இந்த முறைக்குப் போக வேண்டியதில்லை. 2022 மார்ச் மாதத்தில் ரூபாயின் மதிப்பு சரியத் தொடங்கி, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டியபோது, இறக்குமதியை நம்பிய பொருளுக்கு நாளைய விலையைச் சொல்வது எவருக்கும் கடினமாக இருந்தது. அத்தகைய காலத்திலும் வரைபடம் கையில் உள்ள ஒரு புதிய கேற்றுக்கு எத்தனை கிலோ இரும்பு தேவை என்பது தெரிந்த விஷயமே. இரும்பின் கிலோ விலைக்கு மட்டும் ஒரு திருத்த விதியைச் சேர்த்து, மற்றவற்றுக்கு நிலையான விலை பேசிவிடலாம். வேலையின் அளவே தெரியாத இடத்தில்தான் கொஸ்ட் பிளஸ் தன் சிரமத்துக்கு ஈடான பயனைத் தருகிறது. சிரமம் என்று சொல்வதற்குக் காரணம், இந்த முறையில் வீட்டுக்காரரும் ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு நேரமில்லாதவர் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் நிலையான விலைக்கே போவது நல்லது.

இனி அந்தப் படிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். கீழே வரும் ரூபாய்த் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. சந்தை விலையாக அவற்றைக் கொள்ள வேண்டாம்.

கொஸ்ட் பிளஸ் என்றால் மதிப்பீடே தேவையில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். மதிப்பீடு இல்லாமல் இந்த ஒப்பந்தத்தில் இறங்கவே கூடாது, ஏனெனில் கட்டணத்தையும் செலவின் உச்ச வரம்பையும் அதை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். நம் உதாரணத்தில் கண்ணுக்குத் தெரியும் பழுதுகளை மட்டும் கணக்கில் எடுத்து, இரும்புக்கு 180,000 ரூபாய், வெல்டிங் கம்பி, கிரைண்டர் தட்டு, கறள் தடுப்புப் பெயின்ட் ஆகியவற்றுக்கு 40,000, ஒரு வெல்டரும் ஒரு உதவியாளரும் 12 நாள் செய்யும் வேலைக்கு 129,000, லொறிக்கும் வாடகைச் சாரத்துக்கும் 31,000 என மொத்தம் 380,000 ரூபாய் மதிப்பிடப்படுகிறது.

இந்த நான்கில் அதிகம் பேச வேண்டியது கூலியைப் பற்றித்தான். வெல்டருக்குக் கையில் கொடுக்கும் நாட்சம்பளம் 5,000 ரூபாய் என்றால், பட்டறைக்கு ஆகும் செலவு அதோடு நிற்பதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம் என்று மேலும் 750 ரூபாய் சேர்கிறது. சம்பளத்துடனான விடுமுறைகளுக்காக 10 சதவீதம், அதாவது 500 ரூபாய், ஒதுக்கினால் ஒரு நாள் வீதம் 6,250 ரூபாய். அதே முறையில் 3,600 ரூபாய் வாங்கும் உதவியாளரின் வீதம் 4,500 ரூபாய். இருவருக்கும் சேர்த்து ஒரு நாளுக்கு 10,750 ரூபாய் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். ‘உண்மையான கூலி’ என்று மட்டும் எழுதினால், சேமலாப நிதி அதற்குள் அடங்குமா என்ற கேள்வி கடைசியில் எழும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பட்டறை இந்த நிதிகளுக்கு உண்மையில் பணம் கட்டாவிட்டால் அந்த 15 சதவீதம் செலவே அல்ல, அதைக் கேட்பதற்கு அதற்கு உரிமையில்லை. வேலை நேரம் எப்போது தொடங்குகிறது, மழையால் வேலை நின்ற அரை நாளுக்கு எவ்வளவு, மேலதிக நேரத்துக்கு யாருடைய அனுமதி வேண்டும் என்பவற்றையும் ஒவ்வொரு வரியில் எழுதிவிடலாம்.

பொருள்களைப் பொறுத்தவரை அடிப்படை விதி எளிது: இந்த வேலைக்காக வாங்கியது, பற்றுச்சீட்டு உள்ளது, கழிவு போக உண்மையில் செலுத்திய விலை. பழைய சோனகத் தெருவில் நெடுநாள் வாடிக்கையாளராக இருக்கும் பட்டறைக்காரருக்குக் கடைக்காரர் விலைக்கழிவு கொடுத்தால், அந்தக் கழிவு செலவைக் குறைக்க வேண்டும். பின்னர் தனியாகக் கைமாறும் கொமிஷனுக்கும் இதே விதிதான். பட்டறையில் ஏற்கெனவே கிடந்த இரும்பைப் பயன்படுத்தினால் வாங்கிய விலையா, இன்றைய விலையா என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும். இருவருக்கும் நியாயமானது வாங்கிய விலை என்பதே என் கருத்து. ஆனால் விலை வேகமாக ஏறும் காலத்தில் பட்டறைக்காரர் அதே இரும்பை மீண்டும் கூடிய விலைக்கு வாங்கி வைக்க வேண்டியிருப்பதால், அவர் இன்றைய விலையைக் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

இரும்பு பெரும்பாலும் 6 மீற்றர் நீளத்தில் விற்கப்படுவதால் மிச்சத்துண்டுக் கேள்வியும் வரும். 4.2 மீற்றர் சனல் தேவைப்பட்டால் 1.8 மீற்றர் மிஞ்சும். முழு நீளத்துக்கும் வீட்டுக்காரர் பணம் கொடுத்திருந்தால் அந்த மிச்சம் அவருடையது. பட்டறை அதை எடுத்துக்கொண்டால் அதற்குரிய தொகையைக் கணக்கில் கழிக்க வேண்டும். கழற்றிய பழைய இரும்பின் விலைக்கும் இது பொருந்தும்.

பற்றுச்சீட்டில் எழுதியிருப்பதும் வீட்டுக்கு வந்து இறங்குவதும் ஒன்றா என்பதை ஒரு தராசு சொல்லிவிடும். 50 மில்லிமீற்றர் பக்கமும் 6 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட எல்-அயன் மீற்றருக்கு ஏறத்தாழ 4.5 கிலோ எடையுள்ளது. எனவே 6 மீற்றர் நீளம் ஒன்று 27 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். 5 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் அதே நீளம் சுமார் 22.6 கிலோதான். தடிப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். நான்கு கிலோவுக்கு மேற்பட்ட வித்தியாசமோ குளியலறைத் தராசில்கூடத் தெரிந்துவிடும். சிறிய உற்பத்தி வேறுபாடு எப்போதும் இருக்கும் என்பதால் அரைக் கிலோவுக்காகச் சண்டை பிடிக்க வேண்டாம்.

பட்டறையின் சொந்த வெல்டிங் இயந்திரத்துக்கு வாடகை கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் இயந்திரத் தேய்மானம் கட்டணத்துக்குள் ஏற்கெனவே அடங்கியிருந்தால் கேட்கக் கூடாது. இந்த ஒப்பந்தங்களில் அடிக்கடி நேரும் கோளாறு இதுதான்: ஒரே செலவு இரண்டு இடங்களில் நுழைந்துவிடுகிறது. பட்டறை வாடகை, மின்சாரக் கட்டணம், தொலைபேசி, முதலாளி வந்து மேற்பார்வை பார்க்கும் நேரம் ஆகிய பொதுச் செலவுகள் எல்லாவற்றையும் கட்டணத்துக்குள் வைப்பதென்று முடிவுசெய்தால், அவற்றில் எதுவும் செலவுப் பட்டியலில் மீண்டும் தலைகாட்டக் கூடாது.

ஏற்கப்படாத செலவுகளையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். பட்டறையின் சொந்தத் தவறைத் திருத்தும் கூலியும் பொருளும், வேலை முடிந்த பின்னும் பட்டறையிலேயே இருக்கப்போகும் கருவிகளின் விலை, கடன் வட்டி, அபராதம், பட்டறையின் வருமான வரி ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். ஒரு செலவைப் பற்றிச் சந்தேகம் வந்தால் இரண்டு கேள்விகள் போதும்: இது இந்த வேலைக்காகவே ஆனதா, கவனமான ஒருவர் தன் சொந்தப் பணத்தில் இதைச் செய்தாலும் இவ்வளவு செலவழித்திருப்பாரா? முதல் கேள்விக்குப் பாதிதான் ஆம் என்றால் பாதிச் செலவே ஏற்கப்படும்.

வற் வரியைப் பற்றி ஒரு சொல். 2024 தொடக்கத்திலிருந்து அதன் வீதம் 18 சதவீதம். பட்டறை வற் வரிக்குப் பதிவு செய்யாததாக இருந்தால், கடையில் கட்டிய வரி அதற்குத் திரும்பக் கிடைக்காது. ஆகவே அது உண்மையான செலவே. பதிவு செய்திருந்தால் உரிய வரிப் பற்றுச்சீட்டைக் காட்டி அந்த வரியை ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால், 118,000 ரூபாய்ப் பற்றுச்சீட்டில் செலவாக ஏற்க வேண்டியது 100,000 மட்டுமே. பின்னர் பட்டறை தன் இறுதிப் பட்டியலில் வற் வரியைச் சேர்க்கும். இதைக் கவனிக்காதவர் ஒரே வரியை இரு முறை கட்டுகிறார்.

இனிக் கட்டணம். “எல்லாரும் 20 சதவீதம் வாங்குகிறார்கள்” என்பது ஒரு கணக்கல்ல. கட்டணம் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும்: பொதுச் செலவில் இந்த வேலைக்குரிய பங்கைத் தாங்க வேண்டும், அதற்குப் பிறகு இலாபமும் தர வேண்டும். பட்டறையின் பொதுச் செலவு மாதம் 300,000 ரூபாய் என்றும், இருவர் கொண்ட மூன்று குழுக்கள் மாதம் 25 நாள் வேலை செய்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 75 குழு நாட்கள். ஒரு குழு நாள் 4,000 ரூபாய் பொதுச் செலவைச் சுமக்கிறது. படிக்கட்டு வேலையின் 12 நாளுக்கு அது 48,000 ரூபாய். அதன்மேல் 28,000 ரூபாய் இலாபம் வைத்தால் கட்டணம் 76,000 ரூபாய். இது மதிப்பீட்டின் 20 சதவீதமாகவே அமைகிறது. ஆனால் இப்போது அந்த எண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது, பேரம் பேசுவதற்கும் ஒரு பிடி இருக்கிறது. இலாபம் 28,000 ரூபாய் மட்டும் என்று தெரிந்த வீட்டுக்காரர், கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்ல மாட்டார். அப்படிக் குறைத்தால் பட்டறைக்காரர் நட்டத்தை வேறு எங்காவது ஈடுசெய்யத்தான் பார்ப்பார்.

அந்தக் கட்டணத்தைச் சதவீதமாக எழுதுவதா, நிலையான தொகையாக எழுதுவதா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 20 சதவீதம் என்று எழுதினால், 380,000 ரூபாயில் முடிந்த வேலைக்கு 76,000 ரூபாய் பெறும் பட்டறைக்காரர், அதே வேலை 550,000 ரூபாய்க்கு இழுபட்டால் 110,000 ரூபாய் பெறுவார். மெதுவாக வேலை செய்தவருக்கும் விலை விசாரிக்காமல் வாங்கியவருக்கும் பரிசு கிடைக்கிறது. அவர் நேர்மையானவராக இருந்தாலும், செலவைக் குறைக்க முயன்றால் தன் வருமானமும் குறையும் என்ற நிலையில் அவரை வைப்பது சரியல்ல. இந்தக் காரணத்தால்தான் அமெரிக்க மத்திய அரசின் கொள்வனவுகளில் செலவின் சதவீதமாகக் கட்டணம் கொடுக்கும் ஒப்பந்தங்கள் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன. நிலையான தொகை என்றால் செலவு 550,000 ஆனாலும் கட்டணம் அதே 76,000 தான். வேலையை விரைவாக முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவதே பட்டறைக்காரருக்கு இலாபம்.

ஆனால் நிலையான கட்டணத்திலும் ஒரு முள் இருக்கிறது, அது குத்துவது பட்டறைக்காரரை. 12 நாள் வேலை 19 நாளானால் பொதுச் செலவின் பங்கு மட்டுமே 76,000 ரூபாய் ஆகிவிடும். இலாபம் முழுவதும் போய்விடும். தாமதம் அவருடைய மெத்தனத்தால் என்றால் அது அவர் பாடு. இரும்பு எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்ததால் என்றால் அது நியாயமில்லை. எனவே நிலையான கட்டணம் எந்த வேலைக்கானது என்பதை, மாற்றப்படும் பாகங்களை எண்ணிச் சொல்லி எழுத வேண்டும். அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு பாகத்தை மாற்ற நேர்ந்தால், வேலையை நிறுத்தி, படம் எடுத்து, அதற்கான மேலதிக மதிப்பீட்டையும் மேலதிகக் கட்டணத்தையும் எழுதி, இருவரும் ஒப்பமிட்ட பிறகே தொடர வேண்டும்.

நம் படிக்கட்டில் அதுதான் நடக்கிறது. இரண்டாம் நாள் பெயின்டைச் சுரண்டிச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும்போது, இரு சனல்களின் அடிப்பகுதியும் சுவரில் மேடையைத் தாங்கும் முட்டும் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கின்றன. ஓரிடத்தில் சுத்தியல் முனை உள்ளே இறங்கிவிடுகிறது. இவற்றை மாற்ற மேலும் 4 நாளும் 80,000 ரூபாயும் தேவை என்று மதிப்பிடப்படுகிறது. அந்த 4 நாளின் பொதுச் செலவு 16,000 ரூபாய். இலாபமாக 4,000 சேர்த்து, மேலதிகக் கட்டணம் 20,000 என்று முடிவாகிறது. இப்போது செலவின் உச்ச வரம்பு 460,000 ரூபாய், கட்டணம் 96,000 ரூபாய். செலவு வரம்பின் முக்கால் பங்கை, அதாவது 345,000 ரூபாயை, எட்டும்போது மிகுதி வேலைக்கு எவ்வளவு தேவைப்படும் என்று பட்டறைக்காரர் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றும், வரம்பைத் தாண்டிய செலவை ஒப்புதல் இன்றிக் கேட்க முடியாது என்றும் ஒப்பந்தம் சொல்கிறது. அறிவித்தல் முக்கால் பங்கில் வருவதே பயன் தரும்; முழுப் பணமும் தீர்ந்த பின் வரும் அறிவித்தலால் வீட்டுக்காரருக்கு எந்தத் தெரிவும் மிஞ்சாது.

வேலை முடிந்து பட்டறைக்காரர் கொடுக்கும் பட்டியலில் இரும்புக்கு 232,000, வெல்டிங் கம்பி முதலிய நுகர்பொருளுக்கு 44,000, 17 நாள் கூலிக்கு 182,750, போக்குவரத்துக்கும் சாரத்துக்கும் 36,000 என்று மொத்தம் 494,750 ரூபாய் இருக்கிறது. பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது, இரும்புக்கடைப் பில் ஒன்றின் கடைசி வரியில் 18,500 ரூபாய்க்கு ஒரு கிரைண்டர் இருக்கிறது. கருவி என்பதால் அது கழிகிறது. பட்டறை எடுத்துச் சென்ற மிச்சத்துண்டுகளுக்கும் பழைய இரும்புக்கும் 5,500 கழிகிறது. கைபிடியின் உயரத்தைத் தவறாக அளந்து வெட்டி மீண்டும் ஒட்டிய ஒரு நாள் கூலி 10,750 ஏற்கப்படுவதில்லை. 8,000 ரூபாய் லொறிப் பயணம் ஒன்றில் தெஹிவளையில் இறக்க வேண்டிய இன்னொருவரின் கேற்றும் வந்திருந்ததால் அதில் பாதி, 4,000 ரூபாய், குறைகிறது. ஏற்கப்பட்ட செலவு 456,000 ரூபாய். கட்டணம் 96,000 சேர்ந்து வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியது 552,000 ரூபாய். ஏற்கும் செலவு எது என்று வரையறுக்காமல் ‘செலவும் 20 சதவீதமும்’ என்று மட்டும் பேசியிருந்தால் அது 593,700 ரூபாயாக வந்திருக்கும்.

இந்த 41,700 ரூபாய் வித்தியாசத்தில் 38,750 ரூபாய் செலவுகளைச் சரிபார்த்ததால் வந்தது. கட்டண முறையால் வந்தது 2,950 ரூபாய் மட்டுமே. ஏற்கப்பட்ட 456,000 ரூபாய்க்கு 20 சதவீதம் கணக்கிட்டால் கட்டணம் 91,200 ரூபாய்தான் வரும். ஆக நிலையான கட்டணத்தில் பட்டறைக்காரர் 4,800 ரூபாய் கூடுதலாகப் பெற்றிருக்கிறார். கட்டணச் சதவீதத்தை 20 இலிருந்து 18 ஆக்குவதற்காக ஒரு மாலை முழுவதும் பேரம் பேசிவிட்டு, செலவு விதிகளை இரண்டு வரியில் முடித்துக்கொள்பவர் சிறிய துளையை அடைத்துப் பெரிய துளையைத் திறந்துவிடுகிறார். நிலையான கட்டணத்தின் பலன் கடைசிப் பட்டியலில் அதிகம் தெரிவதில்லை. 16 நாளில் முடிய வேண்டிய வேலை 25 நாளாக நீளாமல் இருந்ததில்தான் அது இருக்கிறது.

அந்த ஒரு நாள் கூலியைக் கழிக்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு மாலையும் யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எந்தப் பாகத்தில் வேலை செய்தார் என்பதை ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியில் எழுதி இருவரும் ஒப்பமிட்டிருந்ததுதான். மூன்று கிழமை கழித்து நினைவிலிருந்து இதைச் சொல்லப் புகுந்தால் யார் சொல்வதையும் மற்றவர் நம்ப மாட்டார். பற்றுச்சீட்டுகளும் அப்படியே: கடையின் பெயரும் திகதியும் இல்லாத துண்டுச் சீட்டை அன்றே திருப்பிக் கொடுத்து முறையான பில் கேட்பது எளிது.

பணம் கொடுக்கும் முறையையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். செலவைக் கிழமைக்கு ஒரு தடவை, அந்தக் கிழமையின் பற்றுச்சீட்டுகளையும் கொப்பியையும் பார்த்துத் தீர்த்துவிடுவது நல்லது, ஏனெனில் சிறிய பட்டறைக்குக் கடைக்காரர் நீண்ட கடன் கொடுப்பதில்லை. கட்டணத்தைச் செலவோடு சேர்த்துக் கொடுக்காமல் வேலையின் கட்டங்களோடு இணைக்க வேண்டும்: சனல்கள் நின்றதும் ஒரு பங்கு, படித் தகடுகள் முடிந்ததும் ஒரு பங்கு, கடைசிப் பூச்சு காய்ந்து படிக்கட்டை இருவரும் ஏறிப் பார்த்து, மிச்சத்துண்டுகளின் கணக்கும் முடிந்த பிறகு மீதி.